கறுவலின் அளவு நாடா

நிறத்தால் ஏளனம் செய்யப்பட்ட ஓர் இளைஞன் தன் தொழில்திறமையால் மெல்ல மெல்ல மதிப்புப் பெறுகிறான். எமது சிறுகதைகளில் இது அடிக்கடி வந்துபோகும் கதைக்கருதான். பாடசாலை மட்டப் போட்டிகளுக்கு வரும் கதைகளிலும் இதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். முதற்பக்கத்தில் அவமானம், நடுப்பக்கங்களில் உழைப்பு, இறுதிப் பக்கத்தில் பாராட்டு என்ற ஒழுங்கில் அவை அமைந்துவிடுகின்றன. அண்மையில் எமது வாசிப்பு வட்டத்தில் வாசிக்கப்பட்ட, இன்னும் அச்சேறாத ஒரு சிறுகதையும் இதே கருவைக் கொண்டதுதான். ஆயினும் அது இந்த ஒழுங்கைப் பல இடங்களில் மீறியிருக்கிறது. சில முக்கியமான இடங்களில் அதற்குள்ளேயே அகப்பட்டும் இருக்கிறது. அதனை எழுதிய இளைஞர் தமது பெயரைக் குறிப்பிட வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார். கதையைப் பற்றிப் பேசுவதற்கு அவர் இணங்கியதால் இதை எழுதுகிறேன்.

கதை யாழ் நகரத்துத் தையற்கடை ஒன்றில் நிகழ்கிறது. 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் சென்ற குடும்பமொன்றின் மகன், அங்கேயே பிறந்து வளர்ந்தவன், 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபின் தந்தையின் ஊருக்குத் திரும்பி வந்து கடையில் வேலைக்குச் சேர்கிறான். முதலாளி எம்மவர். வேலையாட்களில் எம்மவரும் உளர், தமிழரும் உளர். சேர்ந்த அன்றே அவனுக்குக் “கறுவல்” என்ற பெயர் விழுந்துவிடுகிறது. முன்னுக்கு நின்றால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்கள் என்று சொல்லி அவனைப் பின்னறையில் இருத்துகிறார்கள். நூல் பொறுக்குவது, பொத்தான் கட்டுவது, காற்சட்டைக் கால்விளிம்பு மடித்துத் தைப்பது, அயன் பண்ணுவது என அவனுடைய நாட்கள் கழிகின்றன. நாலு வருடங்களின் பின் அவன் வெட்டும் மேசைக்கு வருகிறான். கடைசியில் பெருநாளுக்கு முந்திய நெருக்கடியில், மாஸ்டர் ஊரில் இல்லாத வேளையில், ஒரு மாப்பிள்ளையின் கோட்டை இரவோடிரவாகத் தைத்துக் கடையின் மானத்தைக் காக்கிறான். மறுநாள் வாடிக்கையாளர் அவனைப் பெயர் சொல்லித் தேடி வருகிறார். கதை அத்துடன் முடிகிறது.

முதலில் இக்கதையின் பலத்தைச் சொல்லவேண்டும். இதனை எழுதியவருக்குத் தையற்கடை தெரியும். பொதுவாக எமது கதைகளில் வரும் “உழைப்பு” வியர்வை என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். கதாநாயகன் என்ன வேலை செய்தான், எதை முதலில் கற்றான், எது அவனுக்கு வரவில்லை என்பதை வாசகர் அறியமாட்டார். இங்கே பின்னறைக்கும் முன்மேசைக்கும் இடையிலான பத்தடித் தூரமே கதையின் களமாகிறது. பின்னறையில் இருப்பவன் துணியை மட்டும் தொடுகிறான். முன்னுக்கு நிற்பவன் ஆளைத் தொடுகிறான். தோள், மார்பு, இடுப்பு, கால் என்று அளவெடுக்கும்போது வாடிக்கையாளரின் உடம்பில் கை பட்டே தீரும். ஆகவே ஒரு தையற்கடையில் கறுத்த பையனைப் பின்னறையில் வைத்திருப்பது, அவன் கை யார் மீது படலாம், யார் மீது படக்கூடாது என்ற தீர்ப்பாகும். இதைக் கதாசிரியர் எங்கும் விளக்கவில்லை. சுவரையும் மேசையையும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இக்கதையில் ஆகச் சிறந்த அம்சம் இதுவே எனலாம்.

இரண்டாவது பலம் அதன் உரையாடல். யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் முன்னிலைக்கு மூன்று படிகள் உண்டு: நீ, நீர், நீங்கள். வினையிலும் அப்படியே: வா, வாரும், வாங்கோ. நடுப்படியான “நீர்” வேறு பல வட்டாரங்களின் அன்றாடப் பேச்சில் அருகிப்போய்விட்டது. இங்கே இன்னமும் புழங்குகிறது. கீழ்ப்படுத்தாமலும் தலையில் தூக்கி வைக்காமலும் ஒருவரை விளிப்பதற்கு அது உதவுகிறது. கதையில் முதல் மூன்று பக்கங்களுக்குப் பையன் “டேய்”, “நீ”, “கறுவல்” என்றே அழைக்கப்படுகிறான். பின்பு ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில், வயதான தமிழ்த் தையற்காரர் ஒருவர் தன் பக்கத்து வாங்கைக் காட்டி, “இதிலை இரும்” என்கிறார். பையன் திரும்பிப் பார்க்கிறான். தனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பதாக நினைக்கிறான். புத்தளத்தில் வளர்ந்தவனுக்கு அந்த “இரும்” செவிக்குப் பழகாத சொல். அது மரியாதையா, விலக்கி வைப்பதா என்று அவனுக்கு விளங்கவில்லை. இரண்டே வரிகளில் ஓர் இனத்தின் இருபது வருட இடப்பெயர்வும் ஒரு மனிதன் முதன்முதலாக மனிதனாக விளிக்கப்படுவதும் ஒன்றாக வந்துவிடுகின்றன. இறுதிப் பக்கத்துக் கோட்டைவிட எனக்கு இந்த வாங்கே பெரிதாகத் தெரிந்தது.

இனி, எனக்கு உடன்பாடில்லாத இடங்களுக்கு வருகிறேன்.

இக்கதையின் நாயகன் ஒரு பிழையும் விடுவதில்லை. நாலு வருடங்களில் ஒரு துணியையேனும் கெடுக்கவில்லை. தையல் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். நீளமாக வெட்டியதை மடித்துத் தைத்துவிடலாம். குட்டையாக வெட்டியதை நீட்ட முடியாது. தொழில் பழகுகிற எவனும் ஒருநாளாவது குட்டையாக வெட்டியே இருப்பான். கழுத்துப் பட்டி அரை அங்குலம் குறைந்தால் மேற்பொத்தான் பூட்டாது. தோள் அளவு பிசகினால் கையைக் கழற்றி, திரும்பவும் பொருத்த வேண்டும். அரைநாள் வேலை வீணாகும். ஆனால் நம்பகத்தன்மைக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. மதிப்பு என்பதன் உண்மைத் தன்மை, ஒருவன் திறமையாகச் செய்யும் நாளில் வெளிப்படுவதில்லை. அவன் பிழை விடும் நாளில்தான் வெளிப்படுகிறது. சிவந்த பையன் துணியைக் கெடுத்தால் “கவனமில்லாதவன்” என்பார்கள். கறுத்த பையன் கெடுத்தால் என்ன சொல்வார்கள்? “கறுவல் தன்ரை புத்தியைக் காட்டிப்போட்டான்” என்று சொன்னால், நாலு வருடமாக அவனுக்குக் கொடுத்ததெல்லாம் கடனே தவிர மதிப்பல்ல என்பது தெரிந்துவிடும். அந்த ஒரு காட்சி இல்லாததால், கடைசிப் பக்கத்தில் கிடைக்கும் பாராட்டு எந்த வகையைச் சேர்ந்தது என்று வாசகரால் தீர்மானிக்க முடியாமற் போகிறது.

விசித்திரம் என்னவென்றால், அந்தக் காட்சிக்கான ஆயத்தங்களைக் கதாசிரியர் தம்மை அறியாமலே செய்து வைத்திருக்கிறார். மூன்றாம் பக்கத்தில், உதவிக்காக முன்னுக்கு அழைக்கப்படும் பையன் நாடாவை நீட்டும்போது ஒரு வாடிக்கையாளர் தோளைச் சற்று விலக்கிக்கொள்கிறார். அதன்பின் அவன் எவருக்கு அளவெடுத்தாலும் கை படாமல் நாடாவை எட்டவே பிடிக்கிறான் என்று ஒரு வரி வருகிறது. இந்த வரியைத் தையற்காரரின் கண்ணால் வாசித்துப் பாருங்கள். மார்பளவு எடுக்கும்போது நாடாவுக்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு விரல் போகுமளவு இளக்கம் விடுவது வழக்கம். அந்த இரண்டு விரலை வைத்துப் பார்ப்பதற்கே உடம்பில் கை வைக்க வேண்டும். நாடாவை எட்டப் பிடிப்பவனுக்கு மார்பளவு கூடிவிடும். தோள் எலும்பின் முனையை விரலால் தொட்டுப் பார்க்காதவனுக்குத் தோளளவும் பிசகிவிடும். தோள் தையல் புயத்தில் சரிந்து விழும். அதாவது, அவனுடைய பிழை ஏளனத்திலிருந்தே பிறந்திருக்கும். ஏளனம் செய்தவர்களே அந்தப் பிழையைக் காட்டி, “பார்த்தியளோ, இவனுக்கு வராது” என்றிருப்பார்கள். நிற ஏளனம் தொழிலிடத்தில் இப்படித்தான் வேலை செய்கிறது. கையை நடுங்கச் செய்துவிட்டு, நடுங்கும் கையைக் குற்றம் சொல்கிறது. இந்தக் கதைக்குள் புதைந்து கிடக்கும் உண்மையான கதை இதுதான். கதாசிரியர் அதன் வாசல்வரை வந்து திரும்பிவிட்டார்.

அதற்குப் பதிலாக அவர் பெருநாள் நெருக்கடியைக் கொண்டுவந்திருக்கிறார். மாஸ்டர் இல்லாத இரவு, காத்திருக்கும் மாப்பிள்ளை, விடிவதற்குள் முடிந்த கோட்டு. இது சினிமாவிலிருந்து எமது சிறுகதைகளுக்கு இறங்கிவந்த உத்தி. இதில் ஓர் ஆபத்தான நியாயமும் ஒளிந்திருக்கிறது. மற்றவர்கள் சாதாரணமாக வேலை செய்தால் போதும். கறுத்தவன் மட்டும் அற்புதம் செய்யவேண்டும். அற்புதம் செய்யாத கறுத்த பையன்கள், அளவாகத் தைத்து அளவாகச் சம்பளம் வாங்கி வீட்டுக்குப் போகிறவர்கள், என்ன பெயரால் அழைக்கப்பட வேண்டும்? கதை அவர்களைக் கைவிட்டுவிடுகிறது.

ஜெயமோகனின் ‘நூறு நாற்காலிகள்’ கதையை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2011இல் வெளிவந்த ‘அறம்’ தொகுதியில் உள்ள அந்தக் கதையின் நாயகன், மிகவும் தாழ்த்தப்பட்ட நாயாடிக் குலத்தில் பிறந்து இந்திய ஆட்சிப்பணி அதிகாரியானவன். அது சாதி பற்றிய கதை. நிறமும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் தொழிலில் உயர்ந்தால் மதிப்பு தானாக வரும் என்ற நம்பிக்கையை அது பரிசோதிக்கும் விதம் எமக்கு உதவும். அவன் பரீட்சையில் வென்றான், பதவியில் அமர்ந்தான். ஆனால் அவன் அமர்ந்திருக்கும் நாற்காலியை அலுவலகமும் மனதார ஏற்கவில்லை. பெற்ற தாயும் அவன் அதில் இருப்பதைக் கண்டு அஞ்சுகிறாள். ஒரு நாற்காலி போதாது, இன்னும் நூறு வேண்டும் என்ற இடத்தில் கதை நிற்கிறது. அந்த முடிவு எல்லோருக்கும் பொருந்தவேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துத் தையற்கடையில் ஒருவனுக்கு உண்மையாகவே மதிப்புக் கிடைக்கலாம். ஆனால் கிடைத்தது எது என்று கேட்டுப் பார்க்கும் துணிவு அந்தக் கதையில் இருக்கிறது.

இதற்கு எமது மரபிலேயே இன்னும் நெருக்கமான ஒரு முன்னுதாரணம் உண்டு. ஸஹீஹுல் புகாரியில் ஈமான் பற்றிய பகுதியில் மஃரூர் என்பவர் அறிவிக்கும் செய்தி அது. அவர் ரபதா என்ற இடத்தில் அபூதர் (ரலி) அவர்களைச் சந்திக்கிறார். அபூதர் உடுத்தியிருந்த அதே வகை ஆடையை அவருடைய அடிமையும் உடுத்தியிருக்கிறார். மஃரூர் வியப்படைந்து காரணம் கேட்கிறார். தாம் ஒருமுறை ஒரு மனிதரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசியதையும், அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அறியாமைக் காலத்துக் குணம் உம்மிடம் இன்னும் இருக்கிறதே என்று கண்டித்ததையும் அபூதர் சொல்கிறார். பணியாளர் உங்கள் சகோதரர். நீங்கள் உண்பதை உண்ணக் கொடுங்கள், உடுப்பதை உடுக்கக் கொடுங்கள், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் கைகொடுத்து உதவுங்கள் என்ற கருத்து அத்துடன் தொடர்கிறது. ஏசப்பட்டவர் பிலால் (ரலி) என்றும், ஏச்சு அவருடைய தாயின் கறுப்பு நிறத்தைப் பற்றியது என்றும் வேறு அறிவிப்புகளில் வருகிறது. புகாரியின் இந்த அறிவிப்பில் பெயர் இல்லை.

மார்க்க உபதேசத்துக்காக நான் இதை இங்கே எடுத்துச் சொல்லவில்லை. கதை கட்டும் விதத்துக்காகச் சொல்கிறேன். ஏசப்பட்டவர் என்ன சாதித்தார் என்று இந்தச் செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. அவர் தம்மை நிரூபித்துக் காட்டவேண்டிய தேவையே எழவில்லை. குற்றம் ஏசியவரிடம் காணப்படுகிறது. மாற்றமும் ஏசியவரிடமே நிகழ்கிறது. அந்த மாற்றம் அழுகையாகவோ மன்னிப்பு வசனமாகவோ சொல்லப்படவில்லை. இரண்டு உடம்புகளில் ஒரே வகை ஆடை என்ற கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளாக முதலில் காட்டப்படுகிறது. காரணம் பின்னால்தான் வருகிறது. ஒரு தையற்கடைக் கதை எழுதுபவருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறெங்கே கிடைக்கும்? எமது இளைஞரின் கதையில் மாறவேண்டியவர்கள் மாறவே இல்லை. “கறுவல்” என்று பெயர் வைத்தவன் கடைசிப் பக்கத்தில் கை தட்டுகிறான், அவ்வளவுதான். அவனுடைய வீட்டில், அவனுடைய பேச்சில், அவன் அடுத்து வரும் பையனை அழைக்கும் விதத்தில் எது மாறியது? நான் ஆசிரியனாக இருக்கும் வகுப்பறைகளிலும் இதைக் காண்கிறேன். ஒரு “கறுவல்” முதலாம் பிள்ளையாக வந்தால் அவனை அப்படி அழைப்பது நின்றுவிடும். அந்தப் பெயர் மட்டும் கடைசி வாங்கிலிருக்கும் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும்.

இன்னொரு குறையையும் சொல்லியாகவேண்டும். இக்கதையில் ஏளனம் கடைக்குள் மட்டுமே நிகழ்கிறது. வீடு தூய்மையானதாக இருக்கிறது. உம்மா அவனைத் தடவிக்கொடுக்கிறாள், வாப்பா துஆ கேட்கிறார். எமது சமூகத்தை அறிந்தவர்கள் இதை வாசித்துச் சிரிப்பார்கள். கறுப்புக் குழந்தையைப் பற்றிய முதல் பேச்சு எங்கே தொடங்குகிறது? பிறந்த வீட்டு மண்டபத்தில், காதின் பின்புறத்து நிறத்தைப் பார்த்து ஆருடம் சொல்லும் மாமிமாரிடமிருந்துதான். பெண் பார்க்கும்போதும் மாப்பிள்ளை பார்க்கும்போதும் நிறம் என்ன விலைக்குப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு எம்மிடம் தனியான ஒரு வரலாறும் உண்டு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டு எழுதினார். அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு நூல் வெளியிட்டார். சட்டசபைப் பிரதிநிதித்துவம் சம்பந்தப்பட்ட அந்த விவாதத்தில் எமது தனித்துவத்தை நிலைநாட்டுவதற்கு ஒரு தேவை இருந்தது; அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அறபு வழித்தோன்றல் என்ற வாதம் புத்தகத்திலிருந்து விறாந்தைக்கு இறங்கியபோது நிறமும் மூக்கும் அதற்குச் சான்றாக நிறுத்தப்பட்டன. சிவந்த பிள்ளை “அறபிப் பிள்ளை” ஆனது. கறுத்த பிள்ளை எந்தப் பிள்ளை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவன் தானே விளங்கிக்கொண்டான். ஆகவே இந்தக் கதையின் நாயகன் கடைக்கு வரும்போதே காயத்துடன்தான் வந்திருப்பான். “கறுவல்” என்று கடையில் கேட்டபோது, அவன் காதில் முதலில் ஒலித்தது யாருடைய குரல்? அந்தக் கேள்வியைக் கதை கேட்டிருந்தால், ஏளனம் செய்தவர்களின் வரிசையில் எம்மையும் நிறுத்தியிருக்கும். இப்போது அது வாசகரான எம்மைப் பார்வையாளர் வரிசையில் சௌகரியமாக இருத்திவிடுகிறது.

கதையின் கடைசி வரியைப் பற்றியும் சொல்லவேண்டும். முழுக்கதையிலும் நாயகனின் உண்மைப் பெயர் வருவதில்லை. கடைசி வரியில் வாடிக்கையாளர் வாசலில் நின்று கேட்கும்போதுதான் முதன்முறையாக வருகிறது. நல்ல உத்தி. ஆனால் அதைக் கோட்டுத் தைத்த வெற்றியின் பின் வைத்திருப்பதால் பெயரும் ஒரு பரிசாகிவிட்டது. ஒருவனுடைய பெயர் அவன் பிறந்து ஏழாம் நாளில் அவனுக்குச் சொந்தமாகிவிட்டது. அதைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு கோட்டுக் கூலியாகாது. கதாசிரியருக்கு நான் ஒரு யோசனை சொன்னேன். கோட்டை எடுத்துவிடுங்கள். தோள் சரிந்த சட்டையொன்று திரும்பி வரட்டும். கடை முழுவதும் அவனைப் பார்க்கட்டும். அந்த நேரத்தில், முன்பு “இதிலை இரும்” என்று சொன்ன அதே கிழவர் சட்டையைக் கையில் எடுத்து, அவனைப் பெயர் சொல்லி அழைத்து, நாடாவைத் தன் தோளில் வைத்து, “என்னைத் தொட்டு அளவெடும்” என்று சொல்லட்டும். பெயர் அங்கே வரட்டும்.

அவர் இதை ஏற்றுக்கொள்வாரா என்று தெரியாது. ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தம் மாப்பிள்ளைக் கோட்டில் அவருக்குப் பிரியம் அதிகம் என்று வட்டத்திலேயே சொல்லிவிட்டார். திருத்தினாலும் திருத்தாவிட்டாலும், பின்னறைக்கும் முன்மேசைக்கும் இடையிலான அந்தப் பத்தடியைக் கண்டுகொண்டவர் அவர். இந்தக் கதை அச்சேறும்போது வாசகர்கள் கோட்டைத் தாண்டி அந்த நாடாவைக் கவனிக்க வேண்டுமென்பதே என் வேண்டுகோள்.